தோற்ற கொட்டேஷன்களைப் பிரித்துப் பார்ப்பதும், வேண்டாம் என்ற கிளையண்டிடம் காரணம் கேட்பதும்: முழுமையான வழிகாட்டி

கொட்டேஷன் அனுப்பி வேலை கிடைக்காத ஒருவரிடம் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் "ரேட் அதிகம்னு நினைச்சிருப்பாங்க" என்பார்கள். அடுத்த முறை ரேட்டைக் குறைப்பார்கள். அதுவும் போகும். மறுபடி குறைப்பார்கள். இந்தச் சுழலில் நல்ல வேலைக்காரர்கள் மாட்டிக்கொள்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ டிசைன், மொழிபெயர்ப்பு, மென்பொருள், எடிட்டிங் போன்ற வேலை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரசு டெண்டர் வேறு உலகம். அங்கே விளக்கம் கேட்பதற்கென்று தனி விதிகளும் கெடுவும் இருக்கும், டெண்டர் ஆவணத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வரிசை முக்கியம்: முதலில் கணக்கு, பிறகு கேள்வி. புதியவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். வேலை போன அன்றே "ஏன்?" என்று கேட்டுவிடுகிறார்கள். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே தெரியாமல் கேட்டால், கிளையண்டும் மேலோட்டமாக ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவார்.

என்னிடம் வேலை பழகிய ஒரு இளம் வெப் டிசைனரின் கணக்கை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அவர் அனுப்பியது 30 கொட்டேஷன், கிடைத்தது 5 வேலை. விலை சொல்லாத முதல் செய்தியோடு நின்றதையும் இங்கே கொட்டேஷன் என்றே எண்ணுகிறேன். அவரும் ரேட்தான் காரணம் என்று உறுதியாக நம்பினார்.

## 1. தொடங்கும் முன் சேகரிக்க வேண்டியவை

கடைசியாக அனுப்பிய 25 முதல் 40 கொட்டேஷன்களை எடுங்கள். அதைவிடக் குறைவாக இருந்தால் பிரித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு குவியலிலும் இரண்டு மூன்றுதான் மிஞ்சும். மிகப் பழையதைச் சேர்க்காதீர்கள். அப்போதிருந்த உங்கள் வேலையும் ரேட்டும் வேறு.

கிடைத்த வேலைகளையும் கட்டாயம் சேருங்கள். இதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். தோற்றதை மட்டும் பார்த்தால் "தோற்ற எல்லாமே நீளமான கொட்டேஷன்" என்று கண்டுபிடிப்பீர்கள். கிடைத்தவையும் அதே நீளம்தான் என்பது தெரியாது.

மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல், அழைப்புக் குறிப்பு எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நினைவை நம்பி நிரப்பினால் ஏற்கெனவே மனதில் இருக்கும் காரணம்தான் தாளிலும் வந்து உட்காரும்.

## 2. ஒரு கொட்டேஷனுக்கு ஒரு வரி

ஒரு விரிதாள் போதும். எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. நான் வைக்கச் சொல்வது எட்டுப் பத்திகள்:

A அனுப்பிய தேதி, B கிளையண்ட், C வந்த வழி, D எட்டிய கட்டம், E முடிவெடுப்பவரிடம் நேரடியாகப் பேசினோமா, F முடிவு, G கிளையண்ட் சொன்ன வார்த்தை, H என் ஊகம்.

G, H இரண்டையும் தனித்தனியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. கிளையண்ட் "கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கலாம்" என்று எழுதியிருப்பார். நாம் அதை "பணம் இல்லை" என்று மொழிபெயர்த்துப் பதிந்துவிடுவோம். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது அது அவர் சொன்னதா, நாம் நினைத்ததா என்று தெரியாது. அதனால் G-யில் அவர் எழுதியதை எழுத்து மாறாமல் ஒட்டுங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் காலியாகவே இருக்கட்டும்.

E பத்தி எல்லோருக்கும் பொருந்தாது. உங்கள் தொழிலில் வேறொன்று சந்தேகத்துக்குரியதாக இருக்கலாம்: எத்தனை நாளில் அனுப்பினீர்கள், மாதிரி வேலை இணைத்தீர்களா என்பது போல. ஆனால் இப்படிப்பட்ட பத்திகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். பத்துப் பத்தி வைத்தால் ஏதோ ஒன்றில் தற்செயலாகவே ஒரு வித்தியாசம் தெரியத்தான் செய்யும்.

C முதல் F வரை உள்ளதைக் கையால் தட்டாமல் கீழிறங்கு பட்டியல் வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு வரியில் "இல்லை" என்றும் இன்னொரு வரியில் "இல்ல" என்றும் இருந்தால் விரிதாள் இரண்டையும் வேறு வேறாக எண்ணும். தவறு நடந்ததே தெரியாது, கூட்டல் மட்டும் இடிக்கும்.

## 3. ஏன் தோற்றது என்பதை விடுங்கள், எங்கே நின்றது?

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். காரணம் என்பது நமக்கு ஊகம்தான். எந்தக் கட்டத்தில் நின்றது என்பது நடந்த விஷயம், உரையாடலைப் பார்த்தாலே தெரியும்.

நான்கு கட்டம் போதும். ஒன்று, பதிலே வரவில்லை. இரண்டு, ஓரிரு செய்தியோடு நின்றது. மூன்று, அழைப்பிலோ நேரிலோ விரிவாகப் பேசி, விலையோடு முழு கொட்டேஷனும் போன பிறகு நின்றது. நான்கு, கிளையண்ட் அந்த வேலையையே கைவிட்டார்.

நான்காவதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். யாருக்கும் போகாத வேலையை நீங்கள் தோற்கவில்லை.

அந்த டிசைனரின் 30 இப்படிப் பிரிந்தது: பதிலே இல்லை 9, பாதியில் நின்றது 4, கைவிடப்பட்டது 2. மீதி 15 பேரிடம் விரிவாகப் பேசியிருக்கிறார். அதில் 5 கிடைத்தது, 10 போனது.

கட்டத்துக்குக் கட்டம் நோய் வேறு. பதிலே வராத 9-க்கும் ரேட்டுக்கும் சம்பந்தமே இருக்க முடியாது, ஏனென்றால் அவர் முதல் செய்தியில் ரேட் சொல்வதில்லை. அங்கே பார்க்க வேண்டியது யாருக்கு அனுப்பினோம், முதல் மூன்று வரியில் என்ன எழுதினோம் என்பதை. விரிவாகப் பேசிய பிறகு போன 10 என்றால், நம் வேலை பிடித்துத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். ஏதோ ஒன்று கடைசியில் தடுத்திருக்கிறது.

இந்த இரண்டையும் ஒரே குவியலாக வைத்து "25 போச்சு" என்று பார்த்ததால்தான் அவருக்கு ஒன்றும் புலப்படவில்லை.

எங்கிருந்து தொடங்குவது? விரிவாகப் பேசிய பிறகு போனதிலிருந்து. அதில்தான் உங்கள் நேரம் அதிகம் செலவாகியிருக்கிறது. அதோடு, காரணம் கேட்டால் சொல்லக்கூடிய மனிதர்களும் அந்தக் குவியலில்தான் இருக்கிறார்கள். பதிலே போடாதவரிடம் கருத்து கேட்டு என்ன வரப்போகிறது?

## 4. ஒரே கட்டத்தில் கிடைத்ததையும் போனதையும் எதிரெதிரே வைப்பது

இப்போது அந்த 15-ஐ மட்டும் எடுத்து ஒவ்வொரு பத்தியாகப் பிரியுங்கள். விரிதாளில் ஒரு வரிச் சூத்திரம் போதும்:

```
=COUNTIFS(D:D,"பேசியது",E:E,"இல்லை",F:F,"போனது")
```

மூன்றாவது கட்டத்துக்கும் கிடைத்த வேலைகளுக்கும் D-யில் "பேசியது" என்று குறித்திருக்கிறோம். அந்தக் கட்டத்தை எட்டி, முடிவெடுப்பவரிடம் நேரடியாகப் பேசாமல், நமக்குக் கிடைக்காமல் போனவை எத்தனை என்று இது சொல்லும். E-யில் "ஆம்", F-இல் "கிடைத்தது" என்று மாற்றி மாற்றிப் போட்டால் நான்கு எண் கிடைக்கும். அவற்றைக் கூட்டினால் 15 வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ எழுத்துப்பிழை.

அவருக்கு வந்தது: முடிவெடுப்பவரிடமே பேசியது 7, அதில் 4 கிடைத்தது. மேலாளர், உதவியாளர் என்று வேறு யாரிடமாவது மட்டும் பேசியது 8, அதில் 1 கிடைத்தது.

உடனே துள்ளக் கூடாது. வேறு ஏதாவது இதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தவர் சொல்லி வந்த கிளையண்ட் என்றால் முதலாளியே நேரில் பேசியிருப்பார், வேலையும் எளிதாகக் கிடைத்திருக்கும்; அப்படியானால் பலன் அறிமுகத்தால் வந்தது. C பத்தியைப் பார்த்தோம். 7-இல் அறிமுகம் வழியாக வந்தது 3, 8-இல் 4. ஏறக்குறைய சமம். சரி, அறிமுகம் இதற்குக் காரணமில்லை.

## 5. எண்ணிக்கை சிறியது என்பதை மறக்காமல் இருப்பது

7-இல் 4, 8-இல் 1 என்பது கண்ணுக்குப் பெரிய வித்தியாசம். ஆனால் கிடைத்த 5 சீட்டையும் போன 10 சீட்டையும் ஒரு பெட்டியில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி 7 எடுத்தால், அதில் நான்கோ ஐந்தோ கிடைத்த சீட்டாக வருவது ஏறக்குறைய பத்துக்கு ஒரு முறை நடக்கும். அதாவது வெறும் தற்செயலாகவும் இது இருக்கலாம்.

தொடர் தோல்விக்கும் இதே கணக்குதான். ஐந்துக்கு ஒன்று கிடைக்கும் அளவுக்குத் திறமையானவருக்கும் வரிசையாகப் பத்து போவதற்கான வாய்ப்பு சுமார் 11 விழுக்காடு. பத்து போனதும் ரேட் முதல் லோகோ வரை எல்லாவற்றையும் மாற்றுபவர்கள் பல சமயம் உடையாத ஒன்றைத்தான் பிரித்துப் போடுகிறார்கள்.

ஆகவே விரிதாள் தீர்ப்புச் சொல்லாது. எதைக் கேட்பது என்றுதான் சொல்லும். அந்த டிசைனருக்கு இப்போது குறிப்பான ஒரு கேள்வி இருந்தது: "நான் பேசியவர் என் கொட்டேஷனை முடிவெடுப்பவரிடம் கொண்டுபோனபோது என்ன நடந்தது?"

## 6. "பட்ஜெட்" என்ற பதிலை எப்படிப் படிப்பது

போன 10-இல் 6 பேர் "பட்ஜெட்டுக்குள் வரவில்லை" என்று எழுதியிருந்தார்கள். அவர் ரேட்டைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

வேண்டாம் என்று சொல்பவருக்கு பட்ஜெட் என்பது யாரையும் புண்படுத்தாத பதில். உண்மையாகவும் இருக்கலாம், மரியாதைக்காகவும் இருக்கலாம். பிரித்தறிய நான் பார்ப்பது ஒன்று: அவர்கள் பேரம் பேசினார்களா? நம்மை விரும்பி, விலை மட்டும் இடித்தால், "கொஞ்சம் குறைக்க முடியுமா", "இந்தப் பகுதியை விட்டுவிட்டால் எவ்வளவு" என்று ஒரு முறையாவது கேட்பார்கள். கேட்காமலே போனால் விலைக்கு முன்பே மனம் விலகியிருக்கும் என்றே எடுத்துக்கொள்வேன்.

அந்த 6 பேரில் பேரம் பேசியது ஒருவர் மட்டும். அதோடு கிடைத்த 5 வேலைகளில் இரண்டு அவர் அந்த வருடம் சொன்னதிலேயே அதிகமான ரேட். இந்த இரண்டும் சேர்ந்ததும் ரேட்டைக் குறைக்கும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

## 7. யாரிடம், எப்போது கேட்பது

எல்லோரிடமும் கேட்க வேண்டாம். விரிவாகப் பேசியவர்களில், இணக்கமாக முடிந்த மூன்று நான்கு பேர் போதும். கசப்போடு முடிந்ததைத் தொடாதீர்கள். நீங்கள் வந்தது வேலைத்தளம் ஒன்றின் வழியாக என்றால், வேலை மூடியபின் செய்தி அனுப்ப அதன் விதி இடம் தருகிறதா என்றும் பாருங்கள்.

வேண்டாம் என்ற செய்தி வந்த அன்றே இரண்டு வரி நன்றி அனுப்புங்கள். அதில் கேள்வி எதுவும் இருக்கக் கூடாது. அவர் அப்போது மறுத்த சங்கடத்தில் இருப்பார். அந்த நேரத்தில் கேட்டால் வாதாட வருகிறோம் என்றுதான் தோன்றும். நன்றியோடு நிறுத்தினால் சங்கடம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வியை ஒரு வாரம் முதல் பத்து நாள் கழித்து அனுப்புங்கள். அதற்குள் வேறொருவரோடு வேலை தொடங்கியிருக்கும், நம்மால் எதுவும் மாறாது என்பது அவருக்கும் தெரியும், அதனால் மனம் திறப்பது எளிது. ஒரு மாதம் விட்டுவிட்டால் உங்கள் கொட்டேஷனில் என்ன இருந்தது என்பதே அவருக்கு மறந்திருக்கும்.

அதுவரை பேசிய வழியிலேயே கேளுங்கள். மின்னஞ்சலில் பேசியவரை திடீரென்று போனில் அழைத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டிய நெருக்கடிக்குத் தள்ளுகிறோம்.

## 8. என்ன எழுதுவது

தொடக்கத்தில் நான் எழுதிய ஒரு கடிதம் இன்னும் நினைவிருக்கிறது. "எங்களை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாமா? விலைதான் காரணம் என்றால் 15 விழுக்காடு குறைக்கவும் தயார்" என்று எழுதினேன். பதில் வரவில்லை.

அதில் இரண்டு பிழை. "ஏன் தேர்ந்தெடுக்கவில்லை" என்பது அவருடைய முடிவை விசாரணைக்கு உட்படுத்துகிறது. தள்ளுபடி பேச்சு அதைக் கருத்து கேட்கும் கடிதமாக இல்லாமல் விற்கும் கடிதமாக ஆக்கிவிடுகிறது. ரேட்டைக் குறைக்க முடியும் என்றால் முதலிலேயே ஏன் கூட்டிச் சொன்னாய் என்ற எண்ணமும் அவருக்கு வரும்.

அந்த டிசைனர் ஒரு மேலாளருக்கு அனுப்பியது இது:

> வணக்கம் மேடம்,
>
> உங்கள் புதிய இணையதள வேலை நல்லபடியாகத் தொடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். முடிவை மறுபடி பரிசீலிக்கக் கேட்டு எழுதவில்லை. என் கொட்டேஷனை நான் சரிசெய்துகொள்ள ஒரே ஒரு கேள்வி.
>
> நீங்கள் அதை உங்கள் இயக்குநரிடம் காட்டியபோது, எந்த இடம் புரியவில்லை அல்லது எந்த இடத்தில் அவருக்குத் தயக்கம் வந்தது?
>
> ஒரு வரி பதிலே போதும். நேரமில்லை என்றால் விட்டுவிடுங்கள், தவறாக நினைக்க மாட்டேன். என்னோடு பேச நேரம் ஒதுக்கியதற்கு மீண்டும் நன்றி.

ஏன் இப்படி? முதல் பத்தி அவருடைய பயத்தைப் போக்குகிறது. கேள்வி ஆளைப் பற்றியோ முடிவைப் பற்றியோ இல்லை, ஒரு காகிதத்தைப் பற்றி. காகிதத்தைக் குறை சொல்வது யாருக்கும் கூச்சமாக இருக்காது. "எந்த இடம்" என்று கேட்டதால் "எல்லாம் நன்றாக இருந்தது" என்று தட்டிக்கழிப்பதும் கடினம். ஐந்து கேள்வி கொண்ட படிவத்தை அனுப்பியிருந்தால் அவர் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கியிருப்பார்.

யாருக்கு வேலை போனது, அவர் எவ்வளவு சொன்னார் என்று கேட்காதீர்கள். இன்னொருவர் நம்பிக்கையோடு கொடுத்த விலையை வெளியே சொல்லச் சொல்வது கிளையண்டைத் தர்மசங்கடத்தில் தள்ளும்.

பதில் வராவிட்டால் நினைவூட்டல் அனுப்ப வேண்டாம். அவர் நமக்குக் கடன்பட்டவர் இல்லை.

## 9. பதில் வந்ததும்

நான்கு பேருக்கு அனுப்பினார். இருவர் பதில் போட்டார்கள். ஒருவர் "இயக்குநருக்கு ஏற்கெனவே தெரிந்த நிறுவனம்" என்று முடித்துக்கொண்டார். அதுவும் தகவல்தான்; அந்த வரியில் நம்மால் மாற்ற எதுவும் இல்லை என்று குறித்துக்கொண்டோம்.

மேற்சொன்ன மேலாளர் எழுதியது பயன்பட்டது. பன்னிரண்டு பக்க கொட்டேஷனை அவர் இயக்குநருக்கு அனுப்பியிருக்கிறார். இயக்குநர் கடைசிப் பக்கத்துக்குப் போய் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுக்கும் நமக்கு என்ன கிடைக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். மேலாளரால் சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை. மற்றவருடைய கொட்டேஷனில் முதல் பக்கத்திலேயே அது இருந்ததாம்.

"பட்ஜெட்" என்ற வார்த்தை எங்கிருந்து பிறந்தது என்பது இங்கே தெரிகிறது. முடிவெடுப்பவரிடம் நேரடியாகப் பேசிய இடங்களில் இந்தக் கேள்விக்கு டிசைனரே வாயால் பதில் சொல்லியிருக்கிறார். பேசாத இடங்களில் காகிதம் அவருக்காகப் பேச வேண்டியிருந்தது, அது பேசவில்லை.

இப்படி ஒரு பதில் வந்ததும் செய்யக்கூடாதது, விளக்கம் கொடுப்பது. "ஆறாம் பக்கத்தில் எழுதியிருந்தேனே" என்று எழுத டிசைனருக்கு ஆசையாக இருந்தது, தடுத்தேன். எழுதினால் அந்த மேலாளர் இனி யாருக்கும் மனம் திறந்து பதில் போட மாட்டார். நன்றி சொல்லி, எதை மாற்றப்போகிறோம் என்று ஒரு வரி எழுதி அதோடு நிறுத்துங்கள். பிறகு அவர் எழுதியதை அப்படியே G பத்தியில் ஒட்டுங்கள்.

ஒருவர் மட்டும் சொன்னது, கணக்கில் எங்கும் தெரியவில்லை என்றால் அதை வைத்து எதையும் மாற்றாதீர்கள். அது அவருடைய ரசனையாக இருக்கலாம். இங்கே கணக்கும் ஆளும் ஒரே இடத்தைக் காட்டியதால்தான் நடவடிக்கை எடுத்தோம்.

## 10. ஒரே ஒரு மாற்றம், அடுத்த சுற்று

கொட்டேஷனின் முன்னால் ஒரு பக்கம் சேர்த்தார். அழைப்பில் இல்லாத ஒருவர் படிப்பதற்கென்றே எழுதிய பக்கம்: உங்கள் பிரச்சினை இது, முடிவில் உங்கள் கையில் இருப்பது இவை, இத்தனை வாரம், மொத்தத் தொகை இவ்வளவு. அழைப்பின் முடிவில் "இதை வேறு யார் பார்ப்பார்கள், அவர் முதலில் என்ன கேட்பார்?" என்று கேட்கவும் பழகினார். அந்தப் பதிலை வைத்தே முதல் பக்கத்தை எழுதினார்.

ரேட்டையும் முதல் செய்தியையும் அந்தச் சுற்றில் தொடவில்லை. மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போயிருக்கும்.

விரிதாளில் "முன்பக்கம்" என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்து, மாற்றிய தேதியையும் குறித்தார். அடுத்து முடிவெடுப்பவரிடம் பேசாமல் அனுப்பிய கொட்டேஷன்கள் 8 சேர்ந்தன. அதில் 3 கிடைத்தன, முன்பு அதே எட்டில் ஒன்று. இதுவும் சிறிய எண்தான் என்பதால் அந்தப் பத்தியை மூடாமல் இன்னொரு பதினைந்து வரும்வரை நிரப்பச் சொல்லியிருக்கிறேன். பதிலே வராத அந்த 9-ஐ அதற்குப் பிறகுதான் எடுக்கப்போகிறோம்.